லண்டனுக்கு மட்டும் சொன்ன நேரம்

"உங்க அக்காவுக்குச் சொல்லத் தெரிஞ்சுது, எனக்குச் சொல்லத் தெரியலையா வினோ?"

"கேட்டீங்களா? யாராச்சும் என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டாத்தான் சொல்லுவியா? வீடு எரிஞ்சாலும் கேட்டாத்தான் சொல்லுவியா?"

செங்கம் சாலையில், காபிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் முருகவேலின் ஸ்டுடியோவில் அவனுக்கும் வினோதினிக்கும் நடந்த இந்தச் சண்டை கீழே காபி குடித்தவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டு பேர் இன்னொரு காபி சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள்.

வருடாவருடம் கார்த்திகை தீபத்தன்று தன் மொட்டை மாடியில் கேமராவை மலையைப் பார்த்து நிறுத்தி, வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு நேரலை போடுகிறவன் முருகவேல். நான்கு வருடமாக மைக் பிடித்தவள் வினோதினி. நேர அறிவிப்பு அட்டையும் அவள் வேலைதான். 'இந்திய நேரம் மாலை 5.30, யூடிசி 12.00' என்று இரண்டே வரி போடுவாள். உலகத்துக்கே பொதுவான அந்த யூடிசியை வைத்து அவரவர் ஊருக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொண்டார்களா என்றால், "யூடிசின்றது எந்த நாட்டுல இருக்கு?" என்று போன வருடம் பல பேர் கேட்டிருந்தார்கள்.

இந்த வருடம் பக்கத்து வேங்கிக்காலில் இருந்து மதிவதனி வேலைக்கு வந்தாள். நல்ல குரல், நல்ல சிரிப்பு, அதைவிட நல்ல புடவைகள். முதல் வீடியோவுக்கே, "இந்தப் பொண்ணையே தீபத்துக்கும் பேசச் சொல்லுங்க" என்று ஒரு கருத்து வந்து விழுந்தது. வினோதினி அதைப் படித்தாள். பிறகு எத்தனை பேர் அதற்கு விருப்பம் போட்டார்கள் என்றும் பார்த்தாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை அப்படியே வீட்டுக்குத் திரும்ப எடுத்துப் போனாள்.

அக்டோபர் நடுவிலேயே மதிவதனி புது அட்டை செய்தாள். யூடிசி கிடையாது. ஊர் ஊராகப் பெயர், பக்கத்தில் மணி: சிங்கப்பூர் இரவு 8, லண்டன் மதியம் 1, நியூயார்க் காலை 8. பூவெல்லாம் வரைந்து அழகாகத்தான் இருந்தது. "இதாம்மா அட்டை," என்றான் முருகவேல், வினோதினியின் முகத்துக்கு நேராக. மைக்கும் மதிவதனிக்கே போனது.

நவம்பர் பிறந்ததும் லண்டனில் இருக்கும் அக்கா உண்ணாமலை போனில் பேசினாள். "இங்க குளிர்காலத்துக்குன்னு கடிகாரத்த ஒரு மணி பின்னால தள்ளிட்டாங்கடி. உனக்கும் எனக்கும் இப்ப அஞ்சரை மணி வித்தியாசம்."

வினோதினிக்குச் சுரீர் என்றது. மதிவதனி அட்டையை அக்டோபரில் இருந்த வித்தியாசத்தில் போட்டிருக்கிறாள். லண்டன் மாறிவிட்டது, தீபத்துக்குள் நியூயார்க்கும் மாறிவிடும். சிங்கப்பூர் மாறாது, அங்கே கேட்டுப் பார்த்துத்தான் எல்லாம் சரி என்று முருகவேல் நம்பிவிட்டான். மலையில் தீபம் ஏற்றுவது நம் நேரம் ஆறு மணிக்கு; லண்டன்காரன் அவன் ஊர் ஒரு மணிக்கு வந்தால் தீபம் ஏற்றி அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

சொல்லலாமே? சொல்லவில்லை. தீபத்தன்று மதிவதனியின் அந்தச் சிரிப்பு எப்படி இருக்குமென்று பார்க்கலாம் என்று, சமையல் செய்யும்போதெல்லாம் நினைத்துப் பார்த்துச் சுகமாக இருந்தாள்.

ஆனால் அக்கா தீபத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் தண்ணீரே வைப்பாள். அன்றைக்கு ஒரு மணியிலிருந்துதான் ஆபீசில் லீவும் கேட்டிருந்தாள். "அட்டையை நம்பாத, பன்னெண்டுக்கே உட்காரு. யார்கிட்டயும் சொல்லாத," என்றாள் வினோதினி.

உண்ணாமலை யார்கிட்டயும் சொல்லவில்லை. அங்கே இருக்கிற தமிழர் குழுவில் மட்டும் எழுதினாள்: 'என் தங்கச்சி அங்கதான் வேலை செய்யுறா. அட்டை தப்பாம்.' தீபத்துக்கு ஒரு வாரம் முன்பு அது சுற்றிச் சுற்றி முருகவேல் போனுக்கே வந்து சேர்ந்தது.

"எப்போ தெரியும் உனக்கு?" என்றான் இப்போது, குரலைத் தாழ்த்தி.

வினோதினி ஜன்னலைப் பார்த்தாள். "மூணு வாரம்."

கதவோரம் நின்ற மதிவதனி கணினி முன்னால் உட்கார்ந்தாள். "அக்கா, எப்படிப் போடணும்னு சொல்லுங்க, போடுறேன்."

வினோதினி சொல்லச் சொல்லப் புது அட்டை வந்தது: இந்திய நேரம், யூடிசி, தேதி. கீழே ஒரு வரி: 'கீழுள்ள இணைப்பைத் தொட்டால் அன்றைக்கு உங்கள் ஊரில் என்ன மணி என்று காட்டும்.' ஊர்ப் பட்டியலே இல்லை. பழைய அட்டையை எடுத்துவிட்டு, மதிவதனி வீடியோவிலும் வந்தாள். "தப்பு என்னுது. கண்டுபிடிச்சது எங்க வினோதினி அக்கா," என்று அதே சிரிப்போடு சொன்னாள். இதற்குத் திட்டியிருந்தாலே தேவலாம் என்று இருந்தது வினோதினிக்கு. தீபத்தன்று லண்டன், நியூயார்க் எல்லாம் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தன. எல்லாரும் பாராட்டியது என்னவோ மதிவதனியின் குரலைத்தான்.

வைகாசியில் மதிவதனி டொரண்டோவில் வேலை பார்க்கிற மாறனைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினாள். மைக் திரும்பி வந்தது. முருகவேல் போளூரில் பெண் எடுத்தான். அந்தக் கல்யாண நேரலைக்கும் வினோதினிதான் பேசினாள், பந்தியில் உட்காராமலே வீட்டுக்குப் போனாள் என்கிறார்கள்.

அடுத்த கார்த்திகைக்கு டொரண்டோவிலிருந்து போன். "அக்கா, எங்க ஊருக்கு எத்தனை மணிக்கு?"

"யூடிசி பன்னெண்டு. நீயே கணக்குப் போட்டுக்கோ," என்று வைத்துவிட்டாள் வினோதினி.

கொஞ்ச நேரம் கழித்து, 'காலை ஏழு' என்று அனுப்பினாள்.