படகை நகர்த்துவது யார்?

முப்பது நொடி ட்ரெய்லரை ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டியாகிவிட்டது. ஐந்து பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இந்தக் கார்ட்டூன் எப்ப வருது?"

"கார்ட்டூன் இல்ல, கேம்!" என்று பெரியவள் பல்லைக் கடித்தாள். "மொபைல்ல விளையாடுறது!"

அவளுடைய கேம் எளிமையானது. திரையில் விரலை எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தப் பக்கம் காற்று வீசும். காற்று காகிதப் படகைத் தள்ளும். பாறையில் முட்டாமல் ஏரியைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். ஓவியம் அவளுடையது, நிரல் எழுதியது 'அவசரம்' என்று எல்லோரும் கூப்பிடும் வகுப்புத்தோழன். எட்டு மாத உழைப்பு.

கல்லூரிகளுக்கிடையேயான கண்காட்சிக்குத் துறையிலிருந்து ஒரு கேம்தான் போகும். மதியம் மேடம் எல்லா ட்ரெய்லர்களையும் தாழ்வாரத்து டிவியில் ஒலியில்லாமல் ஓடவிடுவார். நின்று பார்ப்பவர்களில் எத்தனை பேர் போனை வாங்கி விளையாடக் கேட்கிறார்கள் என்று எண்ணுவார்.

போட்டியில் சின்னவளும் இருந்தாள். பெரியவளின் தங்கை, அதே துறையில் ஒரு வருடம் கீழே. அவள் கேமில் சோப்புக்கட்டி மாதிரி கட்டைகளை இழுத்து அடுக்க வேண்டும், பார்க்க அழகாகவே இருக்காது. ஆனால் அந்த ட்ரெய்லர் பாதி ஓடும்போதே பையன்கள் கை நீட்டினார்கள்: "குடு, ஒரு தடவ ட்ரை பண்றேன்."

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. வீட்டில்தான் தங்கைக்குக் கொண்டாட்டம் என்றால் இங்கேயுமா?

காலை முழுதும் மாற்றிப் பார்த்தாள். புயல் காட்சியில் தொடங்கினாள். காட்சிக்குக் காட்சி மாறும் வெட்டுகளை வேகமாக்கினாள். நடுநடுவே வரும் எழுத்து அட்டைகளைப் பெரிதாக்கினாள்.

"அட்டையிலயே 'இது கேம்'னு போட்டுடலாமா?" என்றான் அவசரம்.

"போஸ்டர்ல 'இது போஸ்டர்'னு போடுவியா? சும்மா இரு."

கடைசியில் துறையின் பொதுக் கோப்புறையிலிருந்து தங்கையின் ட்ரெய்லரை எடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தாள். வெட்டுகள் பதினான்கு, இவளுடையதில் பதினாறு. எழுத்து அட்டைகள் இரண்டிலும் நான்கு. ஒவ்வொன்றிலும் மூன்று சொல், இரண்டு நொடி. எல்லாம் ஒன்றுதான். பின்னே என்ன?

அப்போதுதான் கட்டையின்மேல் வெளிறிய ஒரு வட்டம் தெரிந்தது. கட்டை போகுமிடமெல்லாம் அதுவும் போனது.

பெரியவள் தன் பதிவை மறுபடி ஓட்டினாள். படகு தானாகவே போய்க்கொண்டிருந்தது. போனின் திரைப்பதிவு, போன் திரையில் வரைவதை மட்டும்தான் எடுக்கும். கண்ணாடிக்கு வெளியே இருக்கும் விரலை எடுக்காது. அவள் விரலை இழுத்தது வெறும் தண்ணீர்மேல். பார்ப்பவருக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

லேபின் மறுகோடியில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள்.

"உன் வீடியோல ஒரு வட்டம் வருதே, அது என்னடி?"

சின்னவள் முகம் சுருங்கியது. "கண்டுபிடிச்சுட்டியா? கேம்ல எங்க தப்புன்னு பக் தேடறப்ப போன் செட்டிங்ஸ்ல 'தட்டல்களைக் காட்டு'ன்னு ஆன் பண்ணேன்க்கா. விரல் படற எடத்துல வட்டம் வரும். அணைக்க மறந்தே போச்சு. மேடம் பார்த்தா மானம் போகும். திரும்ப ரெக்கார்ட் பண்ணிடவா? நீதான் எல்லாம் சுத்தமா செய்வ, நீ சொல்லு."

'ஆமா, அசிங்கமா இருக்கு, எடுத்துடு.' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே வாக்கியம். சின்னவள் நம்பி எடுத்துவிடுவாள்.

"தொடாத" என்றாள் பெரியவள் எரிச்சலோடு. "அதுதான் உன் வீடியோவத் தூக்கி நிறுத்துது. நானும் வைக்கப்போறேன்."

"அப்ப காப்பியடிக்கறேன்னு சொல்லு."

"அடிக்கறேன். போடி."

அவசரத்தின் போனில் அதே வசதியை ஆன் செய்து, அவனை விளையாட வைத்துப் பதிவெடுத்தாள். பன்னிரண்டு மணிக்கு முன் புதிதாக வெட்டி ஒப்படைத்தாள்.

தாழ்வாரத்தில் கூட்டம் கூடியது. யாரும் கார்ட்டூன் என்று சொல்லவில்லை. ஒரு பெண் டிவியைப் பார்த்தபடியே காற்றில் விரலை இழுத்தாள். பெரியவளின் போனைக் கேட்டு ஒன்பது பேர் வந்தார்கள். சின்னவளிடம் பதினோரு பேர்.

"சின்னவளோடதுதான் போகுது" என்றார் மேடம். பெரியவளைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா காலைல உன்னோடத ஒருத்தரும் கேட்கலன்னு சொன்னாங்க. என்ன மாத்தின?"

தங்கையின் சிரிப்பு பக்கத்திலேயே கேட்டது. இருந்தாலும் மேடம் கேட்டது வேலையைப் பற்றி. அதற்குப் பதில் தெரியும்.

"தொடக்கத்தை, மேடம். மொதல்ல வந்த லோகோவக் கடைசிக்குத் தள்ளிட்டேன். முதல் ஷாட்ல படகு பாறையப் பார்த்துப் போகுது. வட்டம் வந்து தண்ணில விழுது, இழுக்குது, படகு திரும்புது. மூணு நொடி. அதுக்கப்புறம்தான் முதல் அட்டை: 'உன் விரல்தான் காற்று'. மொதல்ல விரல், அப்புறம் அதால நடக்கறது, அப்புறம் எழுத்து. அந்த வரிசைல வச்சா கேம்னு புரிஞ்சுடுது."