இரும்பு குறையாத ரத்தம்

என் மாமியார் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி சொல்லப்போவதைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். நல்ல மனுஷிதான். கொஞ்சம் அசந்தால் ஆளைச் சாப்பாடு போட்டே சாய்த்துவிடுவார், அவ்வளவுதான்.

எனக்கு இரண்டு மாதம் நடந்துகொண்டிருந்தபோது பக்கத்துத் தெரு கிளினிக்கில் விரல் நுனியைக் குத்திப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி நான்கு. வயிற்றில் பிள்ளை இருப்பவளுக்குப் பதினொன்றாவது வேண்டுமாம். டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரையும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். இரும்பு என்ற சொல் மாமியார் காதில் விழுந்ததுதான் தாமதம், என் வாய்க்கு ஓய்வு போயிற்று.

காலையில் கண் விழித்தால் தேனில் ஊறிய பேரீச்சம்பழம். கடைக்குக் கிளம்பினால் பையில் ஒரு டப்பா நிறைய மாதுளை. சாயங்காலம் முருங்கைக்கீரை சூப்பு. படுக்கப் போகும்போது பீட்ரூட் ஜூஸ். மாடிவீட்டு அக்கா தன் பங்குக்கு ஏதோ ஒரு முருங்கைப் பொடி பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய ஓர்ப்படிக்கு அதில்தான் ரத்தம் ஊறியதாம். ஓர்ப்படிக்கு முதலில் என்ன குறை இருந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் யாருக்குத் தெரியும், ரத்தம் ஊறிச்சா இல்லையா?" என்றாள்.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். லென்ஸை ஃபிரேம் அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்துப் பொருத்துவது என் வேலை. அந்த மெஷின் முன்னால் நின்றபடி மாதுளை முத்தை வாயில் போட்டுக்கொண்டே இருப்பேன். முதலாளி ஒருநாள், "என்னம்மா, ஆடு மாதிரி அசைபோட்டுக்கிட்டே இருக்கே" என்று கேட்டே விட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நானே மாடிப்படி ஏறினால் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

மாதம் முடிந்து மறுபடியும் கிளினிக்குக்குப் போனோம். மாமியாரும் கூடவே வந்தார். விளைச்சலைப் பார்க்க வந்த ஆள் மாதிரி முகத்தில் அப்படியொரு ஆவல். ஒன்பது புள்ளி ஐந்து என்று வந்தது.

"ஏறியிருக்கு பாத்தீங்களா டாக்டர்" என்றார் மாமியார். பேரீச்சம்பழத்திலிருந்து மாடிவீட்டுப் பொடி வரை எனக்குக் கொடுத்ததையெல்லாம் பட்டியல் போட்டு ஒப்பித்தார்.

"இதுக்குப் பேரு ஏறினது இல்லம்மா. இதே ரத்தத்தை இன்னொரு தடவை பாத்தாலும் இவ்வளவு வித்தியாசம் வரும். இரும்பு குறைஞ்சு வந்த சோகையா இருந்தா, ஒரு மாசம் மாத்திரை போட்டதுக்கு ஒரு பாயிண்டாவது ஏறியிருக்கணும்" என்றார் டாக்டரம்மா.

மாமியார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "மாத்திரையை ஒழுங்கா முழுங்கினியா?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டில் குப்பைக்கூடையை அவர் குனிந்து பார்த்ததை நான் இரண்டு முறை கண்டிருக்கிறேன். இப்போது டாக்டர் முன்னாலேயே கேட்கிறார். "நான் முழுங்காத ஒண்ணு இருக்குதுன்னா, அது உங்க சமையலறைக் கதவு மட்டும்தான் அத்தை" என்று சொல்லிவிட்டேன். என் கணவர் சுவரில் ஒட்டியிருந்த குழந்தைப் படத்தை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பார். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நிற்கச் சொன்னால் மட்டும் தலை சுற்றும்.

டாக்டரம்மாதான் இடையில் வந்தார். "அவங்களைத் திட்டாதீங்க. சோகைன்னா எல்லாருக்கும் ஒரே காரணம் கிடையாது. இரும்பு குறையலாம், பி12 குறையலாம், உள்ள எங்கயாவது ரத்தம் கசியலாம், பிறவியிலயே அணு சின்னதா இருக்கலாம். பேரீச்சம்பழத்துல நீங்க நினைக்கிற அளவு இரும்பு கிடையாது, சர்க்கரைதான் நிறைய. முருங்கைக்கீரை நல்ல சாப்பாடு, நான் வேணாம்னு சொல்லல. ஆனா கீரையில இருக்கிற இரும்புல உடம்பு எடுத்துக்கிறது கொஞ்சம்தான். அந்தப் பொடியை நிறுத்திடுங்க, அதுல பட்டை, வேரு என்னென்ன கலந்திருக்குன்னு தெரியாது. கர்ப்பத்துல அது ஆகாது." பிறகு என்னைப் பார்த்து, "நீ கண்ணாடிக் கடையிலதானே இருக்கே? கண்ணைச் சோதிக்காம யாருக்காவது பவர் போட்டுக் கொடுப்பியா?" என்றார்.

கொடுக்க மாட்டேன். தங்கை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, "இதே மாதிரி போட்டுடுங்க, இதுல நல்லாத் தெரியுது" என்று அடம்பிடிக்கிற ஆட்கள் வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள். எனக்குப் புரிந்தது.

இந்த முறை கை நரம்பிலிருந்து எடுத்தார்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அளவு, உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிடின், எல்லாம் பார்க்க. முடிவு வந்ததும், அதே ரத்தத்தில் இன்னொரு பரிசோதனையும் செய்யச் சொன்னார் டாக்டரம்மா. சில நாள் கழித்து மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"இரும்பு உடம்புல தாராளமா இருக்கு. குறையே இல்ல. சிவப்பணு எண்ணிக்கையும் நிறையவே இருக்கு, ஆனா ஒவ்வொண்ணும் ரொம்பச் சின்னது. இவங்க தலசீமியா கேரியர், அந்த ரத்தக் குறையைச் சுமக்கிறவங்க மட்டும்தான். அப்பாகிட்டயிருந்தோ அம்மாகிட்டயிருந்தோ வந்திருக்கும். இது நோய் இல்ல, இவங்க நல்லா இருப்பாங்க. ஆனா எத்தனை கிலோ பேரீச்சம்பழம் சாப்பிட்டாலும் இந்த அணு பெருசாகாது. இரும்பு மாத்திரையை இப்ப நிறுத்திடலாம், ஃபோலிக் ஆசிட் போதும். இரும்பு குறைஞ்சா டெஸ்ட்டுல தெரியும், அப்ப பாத்துக்கலாம்."

எனக்கு வந்த முதல் உணர்வு நிம்மதி. நான் துப்பவில்லை, ஏமாற்றவில்லை, அது மெஷினுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் டாக்டரம்மா முடிக்கவில்லை. என் கணவரைப் பார்த்தார்.

"அடுத்தது உங்க ரத்தம். உங்களுக்கும் இதே இருந்தா, நாலுல ஒரு வாய்ப்பு, குழந்தைக்கு முழுசா வரலாம். அது வேற மாதிரி. மாசாமாசம் ரத்தம் ஏத்தணும். வயித்துல இருக்கும்போதே குழந்தையைச் சோதிக்க முடியும், ஆனா அதுக்கு ஒரு காலம் இருக்கு. தள்ளிப் போடாதீங்க."

நிம்மதி எந்த வழியாகப் போனது என்றே தெரியவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டேன்.

 வீட்டுக்கு வந்ததும் மாமியார் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "உங்க வீட்ல இதைச் சொல்லவே இல்லையே." எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? என் அம்மாவுக்கு எப்போதும் களைப்பாக இருக்கும். அது அவள் சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். போய்ப் படுத்துவிட்டேன். குறையுள்ள பொருளைத் தெரியாமல் வாங்கிவிட்டது போல அவர் என்னைப் பார்ப்பதாக எனக்குப் பட்டது.

கணவர் மறுநாளே போகிறேன் என்றார். மறுநாள் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. அதற்கு மறுநாள் இன்னொரு கட்டடம். ஊரில் உள்ள லிஃப்ட்டெல்லாம் சேர்ந்து சதி செய்வது போல ஒரு வாரம் ஓடிற்று. நான் லேபுக்கு ஃபோன் செய்து கேட்டேன். அந்தப் பேரில் யாரும் வரவில்லை என்றார்கள்.

அன்று சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்க. ஏன் போகல?"

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் இருந்துட்டா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே போகச் சொல்றாங்க?"

"தெரிஞ்சுட்டா அப்புறம் ஏதாவது முடிவு எடுக்கணும். தெரியாத வரைக்கும் நம்ம குழந்தை நல்லாத்தான் இருக்கு." குரல் உடைந்துவிட்டது. "ஊசிக்கு ஒண்ணும் பயப்படல. அந்தப் பேப்பருக்குப் பயமா இருக்கு."

திட்டுவதற்கு நாக்கு நுனி வரை கொண்டுவந்து வைத்திருந்ததெல்லாம் அப்படியே நின்றுபோனது. இந்த மனிதர் ஒரு வாரமாகத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் விடுவதாக இல்லை. "நீங்க பாக்கலைன்னா உள்ள இருக்கிறது மாறிடுமா? எனக்கும்தான் பயமா இருக்கு. நான் மட்டும் தனியா பயந்துக்கிட்டு இருக்கணுமா?" என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

சமையலறை வாசலில் மாமியார் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து மகனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு மாசமா இவ வாயில என்னென்னவோ திணிச்சேன். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாம தின்னா."

நான் நிறையவே எதிர்த்துச் சொல்லியிருந்தேன். ஆனால் அதைத் திருத்தும் நேரம் அதுவல்ல.

"போதாததுக்குக் குப்பைக்கூடையை வேற கிளறிப் பாத்தேன். இவ ரத்தத்தை மூணு தடவை குத்தி எடுத்தாங்க. நீ ஒரு தடவை கையை நீட்ட மாட்டியா? காலையில நான் வரேன். நீ எந்த லிஃப்ட்டுல போய் ஒளிஞ்சுக்கறேன்னு பாக்கறேன்."

காலையில் லேப் திறக்கும் முன்பே மூன்று பேரும் வாசலில் நின்றோம். ரத்தம் எடுக்கும் பெண் என் கணவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊசிக்குப் பயமில்லை என்று சொன்னது சுத்தப் பொய். மாமியார் அவர் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். எனக்கு அத்தனை கவலையிலும் சிரிப்பு வந்தது.

அதன்பின் முடிவு வரும் வரை வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் சாப்பிடு என்று சொல்லவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளரின் இடது லென்ஸை வலது பக்கம் பொருத்திவிட்டுப் பிறகு கழற்றி மாற்றினேன். மாமியார் பாலைப் பொங்கவிட்டார், இரண்டு தடவை.

டாக்டரம்மாவின் அறைக்குள் நாங்கள் போனதும் அவர் எங்களை உட்காரக்கூட விடவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். "இவருக்கு இல்ல. அணு அளவு சரியா இருக்கு, மத்ததும் சரியா இருக்கு. பயப்பட வேண்டாம்."

என் கணவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "குழந்தைக்கு?" என்று கேட்டது மாமியார்.

"அந்தப் பெரிய நோய் இவங்க ரெண்டு பேர் குழந்தைக்கு வராதும்மா. பாதிக்குப் பாதி, எதுவுமே இல்லாமப் பிறக்கும். இல்லன்னா அம்மா மாதிரி கேரியரா இருக்கும். இவங்க கூடப் பிறந்தவங்களையும் ஒருதடவை சோதிச்சுக்கச் சொல்லுங்க, கல்யாணத்துக்கு முன்னாலயே தெரிஞ்சா நல்லது." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார். "மொத்தத்துல, மிஞ்சிப்போனா உங்க மருமகளை மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்க வீட்ல இதைச் சொல்லவே இல்லையே என்ற வார்த்தை இன்னும் உள்ளே கிடந்தது.

மாமியார் என் தோளில் கை வைத்தார். 

"இவளை மாதிரியே பிறக்கட்டும் டாக்டர்" என்றார். "எனக்கு அது போதும்."