தலைகீழாகப் பார்த்த தூசி

அக்காவும் நானும் சேர்ந்து ஒரு புகைப்படப் பரிசோதனை அலுவலகம் நடத்துகிறோம். அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு மேசை, இரண்டு பெரிய திரை, வெயில் எட்டிப் பார்க்காமல் இருக்க ஜன்னலுக்குக் கறுப்புத் திரைச்சீலை, அவ்வளவுதான். காப்பீட்டு நிறுவனமும் வக்கீல்களும் பத்திரிகைகளும் படங்களை அனுப்புவார்கள். இவை ஒரே கேமராவில் எடுத்தவையா, ஒட்டு வேலை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வோம். அக்கா பார்ப்பாள், நான் சொல்வேன். அதுதான் எங்கள் வியாதி.

அன்று வந்தது புகைப்படப் போட்டி ஒன்றின் வழக்கு. ஆற்றுப் பாலத்துக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிலாளிகளைப் பற்றிய ஆறு படங்களுக்கு முதல் பரிசு முடிவாகியிருந்தது. எடுத்தவள் ஒரு செய்தித்தாளில் வேலை பார்க்கும் சின்னப் பெண். ஆள் கையளவு இருப்பாள் என்பதால் எல்லாரும் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவார்களாம். ஆறாவது படம்தான் உயிர். கால் தவறித் தொங்கும் ஒருவனின் மணிக்கட்டை இன்னொருவன் பிடித்திருக்கிறான். மேலே வெறும் வானம், கீழே வெயிலில் மினுங்கும் ஆறு. நெட்டுவாக்கில் எடுத்த படம். முதல் தடவை பார்த்தபோது என் கையே வியர்த்தது.

அந்தப் படம் என்னுடையது என்று ஒருவர் புகார் கொடுத்திருந்தார். அதே நாளில் அதே பாலத்தில் நின்ற மூத்த புகைப்படக்காரர், ஊரே மாஸ்டர் என்று அழைக்கும் ஆள். தான் எடுத்துச் செய்தியாளர்கள் குழுவில் போடச் சொல்லி அவளிடம் கொடுத்ததாகவும், அவள் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டதாகவும் எழுதியிருந்தார். மூலக் கோப்பு இரண்டு பேரிடமும் இல்லை. குருவியிடம் அந்த ஒரு படம் இருந்த மெமரி கார்டு செத்துவிட்டது, அன்றைய மற்ற படங்கள் வேறு கார்டில் இருந்தன. மாஸ்டர் இடம் போதாமல் அழித்துவிட்டாராம். மிஞ்சியது குழுவில் போட்ட பிரதி மட்டும். எந்தக் கேமரா, என்ன லென்ஸ், எப்போது எடுத்தது என்ற விவரமெல்லாம் அதில் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது.

மாலை நான்கு மணிக்குச் செய்தியாளர்கள் முன்னால் அறிவிப்பு. திருடி என்று முடிவானால் பரிசு போவது மட்டுமல்ல, பெயரைப் பத்திரிகையில் போட்டு ஆயுளுக்கும் தள்ளி வைப்பார்கள். வேலையும் போகும். அதன் பிறகு அவள் கையில் யார் கேமரா கொடுப்பார்கள்?

எங்களுக்கு இருந்த ஒரே பிடி தூசி. லென்ஸைக் கழற்றி மாட்டும்போது உள்ளே புகும் தூசி, சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் உட்கார்ந்துவிடும். அப்புறம் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் மங்கலாக ஒரு பொட்டு விழும். லென்ஸின் துவாரத்தை நன்றாகத் திறந்து எடுத்தால் கரைந்து போகும், சுருக்கி எடுத்தால் தெளிவாகத் தெரியும். வானம் மாதிரி வெறுமையான இடத்தில் மாட்டிக்கொள்ளும். துடைத்தால் போய்விடும், புதிது வந்து உட்காரும். அதனால் அதே நாளில் எடுத்த மற்ற படங்களைத்தான் கேட்டு வாங்கியிருந்தோம், இருவரிடமிருந்தும், மூலக் கோப்பாகவே. குருவி கொடுத்தவை அத்தனையும் படுக்கைவாட்டம்.

படத்தின் நீள அகலம் கேமரா தருகிற கணக்கிலேயே இருந்ததால் யாரும் ஓரத்தை வெட்டவில்லை என்று தெரிந்தது. வழக்கம்போல நெட்டுப் படத்தை வலப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தேன். வானத்தின் கறுப்பு வெளுப்பு வித்தியாசத்தைக் கூட்டினேன். ஆறு பொட்டுகள் எழுந்தன. குருவியின் படங்களை மேலே வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஒட்டவில்லை. மாஸ்டரின் படங்களை வைத்தேன். இரண்டு பொட்டுகள் ஏறக்குறைய அதே இடத்தில் உட்கார்ந்தன.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. சின்னப் பெண் என்று மனம் இரங்கியிருந்தேன், அந்த இரக்கமெல்லாம் கோபமாகத் திரும்பியது. அந்த நேரம் பார்த்துப் போட்டிச் செயலாளர் போன் செய்தார். அது அந்தப் பெண்ணின் கேமரா இல்லை என்று சொல்லியே விட்டேன். அக்கா காப்பி டம்ளரோடு உள்ளே வந்தபோது போனை வைத்துக்கொண்டிருந்தேன்.

"யார்கிட்ட என்ன சொன்ன?" என்றாள்.

சொன்னேன். அவள் டம்ளரை மேசையில் வைத்த சத்தத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

"ரெண்டு பொட்டு ஒத்துப்போச்சுன்னா கேமரா ஒத்துப்போச்சா? ரெண்டு பேருக்கு மூக்கு ஒரே மாதிரி இருந்தா அண்ணன் தம்பியா? அவரோட மத்த படத்துல இதைவிடக் கறுப்பா நாலு பொட்டு இருக்கே, அதெல்லாம் இந்த வானத்துல எங்கடி போச்சு?"

நான் பார்க்கவே இல்லை. இருப்பதைத் தேடினேன், இல்லாததைத் தேடவில்லை. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்று வாயைத் திறந்து அவள் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் குருவியின் பொட்டுகளும் ஒத்துப்போகவில்லையே என்று முனகினேன். செயலாளரைத் திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

தூசியை விடு, லென்ஸைப் பார் என்றாள் அக்கா. லென்ஸில் இருக்கும் கீறல் தூசி மாதிரி படத்தில் ஓரிடத்தில் பொட்டாக விழாது. பின்னணியில் கலங்கித் தெரியும் ஒளி வட்டங்களில்தான் அதன் நிழல் தெரியும், அதுவும் எல்லா வட்டத்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தில். ஆற்றில் வெயில் மினுங்கிய இடங்களெல்லாம் அந்தப் படத்தில் குட்டிக் குட்டி வட்டங்களாக இருந்தன. ஒன்றைப் பெரிதாக்கினேன். உள்ளே நகம் பட்டது போல ஒரு வளைந்த கோடு. அடுத்த வட்டத்திலும் அது. அதற்கடுத்ததிலும் அது.

மாஸ்டரின் படங்களில் ஆற்று வட்டங்கள் துடைத்து வைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தன. குருவியின் படங்களைத் திறந்தேன். கோடு இருந்தது. அதே வளைவு, அதே நீளம். ஆனால் இங்கே வட்டத்தின் மேல் இடது ஓரத்தில் இருந்தது, நான் சாய்த்து வைத்திருந்த ஆறாவது படத்தில் கீழ் வலது ஓரத்தில், தலைகீழாக.

தலைகீழாக. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன், அது சுவரில் போய் மோதியது.

"அக்கா, நான்தான் தப்பாச் சாய்ச்சிருக்கேன். அவ கேமராவை அந்தப் பக்கமா திருப்பிப் பிடிச்சிருக்கா."

நெட்டுவாக்கில் எடுக்கும்போது பெரும்பாலோர் கேமராவின் கைப்பிடியை மேலே கொண்டுபோவார்கள். பட்டனை அழுத்தும் வலது கை உச்சியில், இடது கை லென்ஸைத் தாங்கும். நானும் அப்படியே பிடிப்பேன், அதனால் எல்லாரும் அப்படித்தான் என்று கை தன்னால் வலப்பக்கம் சாய்த்துவிட்டது. கைப்பிடி கீழே இருக்கும்படி எடுத்திருந்தால் படத்தை இடப்பக்கம் அல்லவா சாய்க்க வேண்டும்? விவரம் துடைத்த படத்தில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அதைத்தான் கோட்டை விட்டிருக்கிறேன்.

இடப்பக்கம் சாய்த்தேன். குருவியின் வானத்தை மேலே வைத்தேன். ஆறு பொட்டும் ஆறு பொட்டின் மேல் போய் உட்கார்ந்தன. அவற்றில் ஒன்று நூல் மாதிரி நீளமானது, அதன் சாய்வுகூட மாறவில்லை. மாஸ்டரோடு ஒத்துப்போன இரண்டும் இப்போது எங்கோ போயிருந்தன. நான் கத்திவிட்டேன். அக்கா கத்தவில்லை, குருவியுடைய வேறு நான்கு படங்களையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் லேப்டாப்பை மூடினாள். எனக்கு அந்த நான்கு படமும் நான்கு யுகம்.

டாக்சியில் போகும் வழி முழுக்க நான் ஓட்டுநரின் முதுகைப் பிறாண்டாத குறைதான். அரங்கத்துக்குள் நுழைந்தபோது செயலாளர் மேடையில் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையின் ஒரு மூலையில் குருவி. மடியில் கேமராவை இறுக்கிக்கொண்டு, முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். இதைச் செய்தது என் வாய்தான்.

அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு நேரே மேடையேறி, முதலில் சொன்னது தவறு, இதுதான் அறிக்கை என்றாள். ஆறாவது படத்தின் தூசிப் பொட்டுகளும் லென்ஸ் கீறலும் அந்தப் பெண்ணின் கேமராவோடும் லென்ஸோடும் ஒத்துப்போகின்றன, மாஸ்டரின் கேமராவோடு ஒத்துப்போகவில்லை என்று நிதானமாகச் சொன்னாள். எப்படிப் பிடித்து எடுத்தது என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன், என் காலை நறுக்கென்று மிதித்தாள்.

மாஸ்டர் எழுந்தார். கொஞ்சமும் அசரவில்லை.

"கேமரா அவளோடதா இருக்கலாம். இப்பத்தான் ஞாபகம் வருது. என்னோடதுல பேட்டரி போயிடுச்சு, அவ கையில இருந்து வாங்கி நான்தான் எடுத்தேன். தூசி யாரு பட்டனை அமுக்கினாங்கன்னு சொல்லுமா?"

சபை சலசலத்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம். தூசி கேமராவைச் சொல்லும், விரலைச் சொல்லாது.

"சொல்லாது சார்," என்றாள் அக்கா. "அதனால உங்க ரெண்டு பேரையுமே கேக்கறேன். நீங்க எப்படி நின்னு எடுத்தீங்கன்னு கொஞ்சம் காட்டுங்க. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு வெளியே இருக்கட்டும்."

குருவி கேமராவைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். மாஸ்டர் அதை வாங்கினார். கால்களை அகட்டி, முழங்கைகளை உடம்போடு ஒட்டி, இடது கையால் லென்ஸைத் தாங்கி, கைப்பிடியை மேலே தூக்கி நெட்டுவாக்கில் கண்ணில் வைத்தார். பாடப்புத்தகம் மாதிரி நின்றார். முப்பது வருஷமா இப்படித்தான், நெட்டுப் படம்னா வேற மாதிரி பிடிச்சதே இல்ல என்றும் தன் வாயாலேயே சேர்த்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு குருவியை உள்ளே கூப்பிட்டு, மேடைக்குக் கீழேயே நிறுத்தி, கேமராவைக் கையில் கொடுத்து மைக்கை நீட்டினார்கள். அதே கேள்வி. அவள் தயங்கினாள். சபையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அப்புறம் இடது கையை நீட்டிக் காற்றில் எதையோ இறுகப் பற்றினாள். வலது கையால் மட்டும் கேமராவைத் திருப்பினாள். கைப்பிடி கீழே இருந்தது.

"இப்படியா எடுப்பாங்க?" என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"எனக்கு உயரம்னா ரொம்பப் பயம்," என்றாள் அவள், மைக்கில் விழுமோ விழாதோ என்கிற குரலில். "பத்திரிகையில தெரிஞ்சா இந்த வேலையைக் கொடுத்திருக்க மாட்டாங்க, அதான் யார்கிட்டயும் சொல்லல. அந்தப் பாலத்துல கம்பியை விட்டு இடது கையை எடுக்கவே முடியல. ஒத்தக் கையால இப்படித்தான் வந்துச்சு."

அக்கா அப்போதுதான் திரையில் படத்தைப் போட்டு, முதலில் வலப்பக்கமும் பிறகு இடப்பக்கமும் சாய்த்துக் காட்டினாள். இடப்பக்கம் சாய்த்ததும் பொட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்ததைச் சபை முழுவதும் பார்த்தது. கேமராவின் கைப்பிடி கீழே இருந்தபோது எடுத்த படம் இது என்று மட்டும் சொன்னாள். வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. மாஸ்டர் உட்கார இடம் தேடினார், அவர் நாற்காலி அவருக்குப் பின்னாலேயே இருந்தது.

நான் குருவியிடம் ஓடி, உன்னைப் பற்றித் தப்பாகச் சொன்னவள் நான்தான் என்று சொன்னேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன எனக்கு. அவள் என் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. செயலாளர் கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முதல் பரிசு என்று அவளை மேடைக்கு அழைத்தார். மேடைக்கு நான்கைந்து படிகள்தான், பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி. அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவள் இடது கையால் அந்தக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.