குதிரையின் முகம்

வெண்மதி அந்தச் செஸ் போட்டிக்குப் பெயர் கொடுத்தது கோப்பைக்காக இல்லை. தமிழ்மாறன் வருவான் என்று கேள்விப்பட்டுத்தான்.

போட்டிக்கு மறுநாள், திங்கட்கிழமை, கோர்ட். ஆறு மாதத்துக்கு முன் இருவரும் சேர்ந்து போட்ட விவாகரத்து மனுவுக்கு இன்னொரு முறை சம்மதம் சொன்னால், மூன்று வருட வாழ்க்கை முடிந்துவிடும். அதற்குள் ஒரே ஒரு தடவை "வூட்டுக்கு வா" என்று சொல்லிவிட மாட்டானா என்ற ஆசைதான் அவளை ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் மிதிக்க வைத்தது.

பிரிந்தது ஒரு சாப்பாட்டு வேளையில். சுரங்கத்தில் நிரந்தர வேலையிலிருந்து ஓய்வு பெற இரண்டு வருடமே இருந்த அவள் அப்பா, குவார்ட்டர்ஸில் உறவுக்காரர்கள் நடுவே, "கான்ட்ராக்ட் ஆளுக்குக் கட்டிக் குடுத்துட்டு நான் படற பாடு" என்றார். தமிழ்மாறன் மாமனாரைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தான். அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் இலையை மூடிவிட்டு, வடக்குத்து கிராமத்து வீட்டுக்குத் தனியாகப் போனவன்தான்.

சமுதாயக் கூடத்தில் நடுவர் குழந்தைவேல் மைக்கைத் தட்டினார்.

"முதல் தடவை ஆட வந்தவங்க கேட்டுக்கங்க. ஆட்டத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கை குடுக்கணும். உங்க காயைத் தொட்டா அதைத்தான் நகர்த்தணும். எதிராளி காயைத் தொட்டா, வெட்ட வழி இருந்தா வெட்டியே ஆகணும். கோணலா நிக்குதா? உங்க முறை வரும்போது, 'அட்ஜஸ்ட்'னு சொல்லிட்டு அப்புறம் தொடுங்க. எந்தக் கையால காயை நகர்த்தினீங்களோ அதே கையால கடிகாரத்தை அமுக்குங்க. அமுக்கணும், அடிக்கக் கூடாது. அது உங்க மாமியார் இல்ல!"

கூடம் சிரித்தது. வெண்மதி சிரிக்கவில்லை.

இருவரும் முதல் இரண்டு சுற்றிலும் தோற்றார்கள். மூன்றாவது சுற்றுக்கு ஒட்டிய பட்டியலில், பதினான்காம் மேஜையில், இரண்டு பெயரும் எதிரெதிரே இருந்தன.

கை கொடுத்தான். நிலக்கரித் தூசி போகாத அதே நகக்கண்கள். அவளுக்கு வெள்ளைக் காய். சில நகர்வுகளுக்குப் பிறகு அவள் கடிகாரத்தை அமுக்க மறந்துபோனாள். அவளுடைய நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கண்ணாலேயே கடிகாரத்தைக் காட்டினான். அவள் அவசரமாக அமுக்கினாள். விட்டுக் கொடுக்கிறவன் விட்டுப் போவானா?

சேர்ந்திருந்த நாட்களில், ஷிப்ட் முடிந்து அவன் வீட்டுக்கு வந்ததும் தினம் ஓர் ஆட்டம். அவன் குதிரைகளை எப்போதும் ஏனோதானோவென்று வைப்பான். அவள் அவற்றின் முகத்தைத் தன் பக்கம் திருப்புவாள்.

"என்னைப் பாக்கட்டும்."

"பாத்துக்கினுதானே இருக்கு" என்பான்.

இப்போது அவன் கறுப்புக் குதிரை பலகையின் நடுவே ஜன்னலைப் பார்த்து நின்றது. அவள் முறை. யோசனையில் இருந்தவளின் கை தானாக நீண்டது. குதிரையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பியது.

விரல் அப்படியே நின்றுவிட்டது.

அவள் ராணியால் மட்டுமே அதை வெட்ட முடியும். வெட்டினால், காவலுக்கு நிற்கும் சிப்பாய் ராணியை எடுத்துவிடும். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் அந்தக் குதிரையையே வெகுநேரம் பார்த்தான். பிறகு கையை உயர்த்தினான்.

"சார், டச் மூவ்."

குழந்தைவேல் வந்து குனிந்தார். "தொட்டீங்களாம்மா?"

பார்த்தவர் யாருமில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"தொட்டேங்க."

"அட்ஜஸ்ட்னு சொன்னீங்களா?"

"சொல்லலைங்க."

"அப்ப வெட்டித்தான் ஆகணும்."

ராணியால் குதிரையை வெட்டினாள். அதே கையால் கடிகாரத்தை மெல்ல அமுக்கினாள். சிப்பாய் ராணியை எடுத்தது. இன்னும் நாலைந்து நகர்வு. பிறகு தோல்வியை ஒப்புக்கொண்டு, கடிகாரத்தை நிறுத்தி, கையை நீட்டினாள். இருவரும் காய்களைத் திரும்ப அடுக்கினார்கள்.

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில்தான் கேட்டாள். "பழக்க தோசத்துல தொட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏங்க கையத் தூக்கினீங்க?"

"உட்டிருந்தா, நாளைக்குக் கோர்ட்டுலயும் உட்டுடுவேன்னு நெனச்சிக்கினு வருவ." அவன் பூட்டைத் திறந்தபடியே பேசினான். "அந்தாளு கேட்டதும் தொட்டேன்னு உண்மையச் சொன்னியே மதி. அன்னிக்கு உங்கப்பாகிட்ட அந்த மாதிரி ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் சோத்துல கைய வச்சிருப்பேன்."

"இப்ப சொல்றேங்க..."

"இப்ப அந்த எல இல்ல."

அடுத்த சுற்றுக்கு அவன் நிற்கவில்லை. அவன் சைக்கிள் வளைவில் மறையும் வரை நின்றாள். உள்ளே மணி அடித்தது. எதிராளியைக் காக்க வைப்பது மரியாதை இல்லை என்று நினைவு வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எதிரே யாரோ ஒரு பெண். கை கொடுத்தாள். வெண்மதியின் குதிரை ஒன்று கோணலாக நின்றது. தன் முறை வரும் வரை காத்திருந்தாள்.

"அட்ஜஸ்ட்" என்றாள். பிறகுதான் தொட்டாள்.