அன்சார் அனுப்பிய உறுதிச் செய்தி

செந்துறை இலவசக் கண் முகாமுக்குப் பெயர் பதிந்தவர்களுக்கு, கண்ணாடிக் கடை அன்சார் செல்போனில் உறுதிச் செய்தி அனுப்பினார். தேதியும் இடமும் மட்டும் இருந்ததால் ஊரே அவருக்குப் போன் போட்டது. கேட்டதற்கெல்லாம் பதில் சேர்த்து மறுபடி அனுப்பினார்: காலை எட்டு மணி, ரேஷன் கார்டு நகல், பழைய மருந்துச் சீட்டு, மதியச் சாப்பாடு உண்டு. போன் ஓய்ந்தது. அதை அவர் வெற்றி என்று நினைத்தார்.

முகாமுக்கு வந்த வேம்பு என்ற பெண்ணுக்கு வலது கண்ணில் புரை என்றார்கள். இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. ஆபரேஷனுக்குத் திருச்சி கூட்டிப் போக வேன் நின்றது. பக்கத்தில் நின்ற அன்சாரிடம் வேம்பு கேட்டார்.

“எப்பங்க திரும்புறது?”

“நாளன்னிக்குக்கா.”

“ரெண்டு ராத்திரியா? கன்னு போட்ட மாடு வூட்ல தனியா நிக்குதுங்களே.”

“நீங்க கேக்கவே இல்லியேக்கா.”

“தெரியாதத எப்படிங்க கேக்குறது?”

வேன் அவரில்லாமல் போனது.

அடுத்த முகாமுக்கான செய்தியை அன்சார் இப்படித் தொடங்கினார்: ‘ஆபரேஷன் என்றால் திருச்சியில் இரண்டு இரவு தங்க வேண்டும். வீடு, மாடு பார்க்க ஆள் வைத்துவிட்டு, மாற்றுத் துணியோடு வரவும்.’

வேம்பு பையோடு வந்து வேனில் ஏறினார்.

“மாட்ட யாரு பாக்குறாக்கா?”

“உங்க வூட்டம்மாகிட்டதான் வுட்டிருக்கேன். உங்களுக்குச் சொல்லலீங்களா?”