பச்சை விளக்கு நிற்கும் வரை

யட்டியாந்தோட்டை கடைத்தெருவில் இடி முழங்கினால் மழைக்கு முன்னால் இருட்டு வந்துவிடும். கடைக்காரர்கள் அத்தனை பேரும் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார்கள். அதில் எல்லோரையும் முந்திக்கொள்பவர் என் கணவர் ஜவ்பர். ஒருமுறை மின்னல் இறங்கி, திருத்த வந்திருந்த டீவிகள் ஒரே நொடியில் கருகிப்போயின. அன்றிலிருந்து வானம் கொஞ்சம் கறுத்தாலே அவருடைய கை சுவிட்சுக்குப் போய்விடும். அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் வேலையில் மண்ணை அள்ளிப் போட்டதும் அந்தக் கைதான்.

கடையின் பின்னறையில் என்னுடைய 3டி பிரிண்டர் இருக்கிறது. பிளெண்டரின் உடைந்த மூடி, ஃபேனின் குமிழ் என்று எங்கேயும் வாங்க முடியாத பிளாஸ்டிக் பாகங்களை அளந்து, வரைந்து, அச்சடித்துக் கொடுப்பேன். மகள் இஸ்ரா பிறந்த பிறகு வீட்டை விட்டு இறங்க முடியவில்லை. எங்கள் வீடு எஸ்டேட் ரோட்டில், மேட்டின் மேலே. ஈயப் புகையும் பிளாஸ்டிக் வாடையும் நிறைந்த அந்த அறைக்குக் கைக்குழந்தையைக் கொண்டுபோக எனக்கு மனமில்லை.

"மெஷின் சும்மா தூசி புடிச்சிட்டு ஈக்கி. எம்பிலிப்பிட்டியால ஒராள் கேக்கிறார். சனிக்கெழம பாக்க வாறார்" என்றார் ஜவ்பர்.

எனக்குச் சுருக்கென்றது. "ஊட்டுல ஈந்தே ஓட்டிக் காட்டுறன். அதுக்குப் பொறகு வித்துப் பாருங்க."

"ஏலுமா?"

"ஏலும்."

வாய் கொடுத்தாகிவிட்டது. பழைய ராஸ்பெரி பை ஒன்று கைவசம் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர்; சுருக்கமாக 'பை'. அதன் மெமரி கார்டில் பிரிண்டரைத் தூரத்திலிருந்து ஓட்டும் ஆக்டோபிரிண்டை ஏற்றி, கடை வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து ஜவ்பரிடம் அனுப்பினேன். கார்டைச் செருகி, யூஎஸ்பி வயரால் பிரிண்டரோடு இணைத்து, சின்ன கேமரா ஒன்றையும் மாட்டினார். கண்டவரெல்லாம் உள்ளே நுழைந்து சூடேற்றி விளையாடாதபடி, என் லேப்டாப்பும் பையும் மட்டும் பேசிக்கொள்ள ஒரு விபிஎன் போட்டேன். சமையலறையில் உட்கார்ந்தபடி 'கனெக்ட்' அழுத்தினேன். கடையிலிருக்கும் பிரிண்டரின் சூடு என் திரையில் எண்ணாக வந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை அடுத்த இடி வரைக்கும்தான். ஜவ்பர் வழக்கம்போல மெயினை இறக்கினார். மறுபடி கரண்ட் வந்தபோது பை எழும்பவேயில்லை. பை ஓடும்போது கார்டில் ஏதாவது எழுதிக்கொண்டே இருக்கும். எழுதுகிற பிள்ளையின் கையிலிருந்து கொப்பியைப் பிடுங்கினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. கார்டை அழித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டேன். இந்த முறை செட்டிங்ஸை பேக்கப் எடுத்து லேப்டாப்பில் வைத்துக்கொண்டேன்.

"மெயின இறக்க முந்தி எனக்கொரு கோல் எடுங்க. நான் இங்க ஈந்து ஷட்டவுன் குடுப்பன். பைல ஒரு பச்ச லைட் மினுங்கும். அது மினுங்கி முடிஞ்சு நின்ட பொறகுதான் நீங்க கைவெக்கணும்."

"மின்னல் ஒனக்காக பாத்துட்டு நிக்குமா ஸுமைரா?"

பதில் சொன்னால் சண்டை வரும். லேப்டாப்பை மூடிவிட்டு இஸ்ராவைத் தூக்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை புஷ்பம் அக்கா படியேறி வந்தார். பக்கத்து ரப்பர் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் இருப்பவர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைத்துக் கொடுப்பவர். முந்தானையில் முடிந்திருந்த பல்சக்கரத்தை எடுத்து நீட்டினார். இரண்டாகப் பிளந்திருந்தது.

"தங்கச்சி, திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குது. பாதி உடுப்பு வெட்டிப் போட்டபடியே கெடக்குது. இது இல்லாம தையல் மெஷினு அசைய மாட்டேங்குது. ஒங்கள நம்பித்தாங்க வந்தேன்."

அளந்து வரைந்து முடித்தேன். கடைத்தெருவில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகுதான் வந்தது. வரைபடக் கோப்பைப் படைபடையாக ஸ்லைஸ் செய்து, ஆக்டோபிரிண்டின் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். பட்டியலில் பெயர் வந்ததும் 'பிரிண்ட்' அழுத்தினேன். முதல் படை தட்டில் நன்றாக ஒட்டும் வரை கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு இஸ்ராவுக்குப் பால் கொடுத்தேன்.

சக்கரம் முக்கால்வாசிக்கு மேல் வளர்ந்திருந்தபோது ரப்பர் மலைக்கு அப்பால் வானம் உறுமியது. ஃபோன் அடித்தது.

"இறக்கவா?"

கேட்டாரே! எங்கள் கல்யாண வாழ்க்கையில் இடி நேரத்தில் அவர் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நாளை ஆள் வருகிறார். திங்கள் பள்ளிக்கூடம். இன்னும் கொஞ்ச நேரம் போனால் முடிந்துவிடும். அப்போது அடுத்த இடி ஃபோனுக்குள்ளேயே வெடித்தது. பழைய இரும்புப் பெட்டி மெயினில் கையை வைத்துக்கொண்டு, நான் சொல்லும் வரை அந்த மனுஷன் நிற்கிறார். பயந்து பயந்து, எனக்காக நிற்கிறார்.

'கேன்சல்' அழுத்தினேன். பிரிண்டரின் மூக்கு சூடாக இருக்கும்போதே பிளாஸ்டிக் இழையைப் பின்னுக்கு இழுத்தேன். ஃபேன் நின்றால் உள்ளே உருகி அடைத்துக்கொள்ளும். சிஸ்டம் மெனுவில் 'ஷட்டவுன்' கொடுத்தேன். கேமரா படம் உறைந்து, தொடர்பு போய்விட்டது என்று திரை சொன்னது. இனி எனக்குக் கண் இல்லை.

"பச்ச லைட்டப் பாருங்க."

"மினுங்குது... மினுங்குது... நின்டுட்டு. செவப்பு மட்டும் ஈக்கி."

"இறக்குங்க. இறக்கிட்டு தள்ளி வாங்க!"

டொக் என்று கேட்டது. மழை கொட்டியது. நான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சக்கரமும் போயிற்று, மெஷினும் போகப்போகிறது என்றுதான் நினைத்தேன். பையை இங்கிருந்து அணைக்கலாம், எழுப்ப முடியாது. அதற்குக் கடையில் யாராவது சுவிட்சைப் போட வேண்டும். கடையோ ஒன்பது மணிக்கு முன்னால் திறப்பதில்லை, அந்த ஆளும் அந்த நேரத்துக்கே வருவதாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் விடியுமுன் சுபஹு தொழப் போன ஜவ்பர் வீடு திரும்பவில்லை. ஃபோனில் செய்தி வந்தது: "கடயில ஈக்கிறன். போட்டுட்டன். நீ அமுக்கு."

லேப்டாப்பைத் திறந்தேன். பை ஒரு குறையும் இல்லாமல் எழும்பியிருந்தது. நேற்றைய கோப்பு அதே இடத்தில் இருந்தது. ஜவ்பர் தட்டிலிருந்த அரைகுறைச் சக்கரத்தைப் பெயர்த்துத் துடைத்தார். நான் இழையை முன்னுக்குத் தள்ளி, முதலிலிருந்து அச்சைத் தொடங்கினேன்.

கடைசிப் படைகள் ஏறிக்கொண்டிருந்தபோது கேமராவுக்குள் ஒரு சட்டை வந்தது. எம்பிலிப்பிட்டி ஆள், சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். ஜவ்பரோடு ஃபோனில் இருந்ததால் எல்லாம் கேட்டது.

"நானா, நல்ல மெஷின். பின்னால பாப்பம், கொஞ்சம் கழட்டுங்க" என்றபடி அவர் ப்ளக்கை நோக்கிக் கையை நீட்டினார்.

இன்னொரு கை குறுக்கே வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தது. ஜவ்பரின் கை.

"அதுல கைவெக்காதீங்க. ஆள் உள்ளுக்கு வேல செய்றா."

அந்த ஆள் அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஆரு? இங்க ஒத்தரும் இல்லயே."

"என்ட பொஞ்சாதி" என்றார் ஜவ்பர். "மெஷின் விக்கிறதுக்கில்ல. டீ குடிச்சிட்டுப் போங்க."