முப்பதுக்குப் பின்னால் ஒரு சைபர்

அலி அக்பர் பாய் அச்சுக் கோக்கும்போது யாரோடும் பேசமாட்டார். பேசினால் ஏதோ ஒரு எண் இடறுகிறது என்று அர்த்தம். அன்று காஜா பெராங் தெருவிலிருந்த அச்சகத்தின் வாசலில் ருக்மணி கால் வைத்ததுமே அவர் பேசினார்.

"வா தங்கச்சி. நீ கொடுத்த எண் பத்தி எனக்கு நிமிர்ந்து நிக்க மாட்டேங்குது."

ருக்மணி சுகாதார அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள். தோட்டங்களிலிருந்தும் கம்போங் என்ற மலாய்க் கிராமங்களிலிருந்தும் வரும் காய்ச்சல் சாவு விவரங்களைச் சேர்த்து, ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு என்று வகுத்து எழுதுவது அவள் வேலை. அரையாண்டுக்கு ஒருமுறை அது அட்டவணையாக அரசிதழில் அச்சாகும். இந்த முறை அந்த அட்டவணைக்கு ஒரு கூடுதல் கனம் இருந்தது. கையிருப்பில் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை கொஞ்சம்தான். அச்சான வரிசையில் சாவு விகிதம் மிகுந்த முதல் ஆறு இடங்களுக்கு மட்டும் அதைக் கொடுப்பது என்று, போரில் நாட்டைப் பிடித்திருந்த ஜப்பானியரின் மேலதிகாரி உத்தரவு போட்டிருந்தார்.

ஆறாவது இடத்தில் புக்கிட் செராய் தோட்டம் இருந்தது. அவள் நாத்தனார் அஞ்சலை ரப்பர் பால் வெட்டும் தோட்டம்.

பாய் எழுத்து கோத்து வைத்த கேலித் தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஈய எழுத்துகள் தலைகீழாகவும் கண்ணாடிப் பிம்பமாகவும் நின்றன. ருக்மணிக்கு இப்போது அதுவும் படிக்கப் பழகிவிட்டது.

"இங்க பாரு. எண்ணெல்லாம் ஒரே அகலம். ஒண்ணும் அதேதான், எட்டும் அதேதான். அதனாலதான் ஒண்ணுக்குக் கீழே ஒண்ணு ஒழுங்கா நிக்குது. புள்ளி மட்டும் ஒல்லி. அதைப் புள்ளிக்குக் கீழே புள்ளியா நிறுத்தினா, அதுக்கு இந்தப் பக்கம் முழு எண்ணு, அந்தப் பக்கம் தசமம். படிக்கிறவன் கண்ணு நேரா இறங்கும். சரியா?"

"சரி பாய்."

"உன் தாள்ல எல்லாத்துக்கும் புள்ளி இருக்கு. இருபத்தொன்பது புள்ளி எட்டு, பதினெட்டு புள்ளி நாலு. தேவதாஸ் எழுதின முதல் தாள்ல ஒண்ணுக்குக்கூட இல்ல. நாப்பத்தொண்ணு, முப்பது, பன்னெண்டுன்னு மொட்டையா விட்டிருக்காரு. வலது ஓரத்துல ஒட்டி வச்சா என்ன ஆகும்? முப்பதோட சைபர் போய் உன் எட்டுக்கு நேர் மேலே உக்காருது. முழு எண்ணு தசமத்தோட பாயில படுத்துக்கிட்ட மாதிரி. எனக்கே பாக்கச் சகிக்கல."

அலுவலகத்தில் அவளோடு கணக்கு எழுதிய தேவதாஸ் முதல் தாளை எழுதி முடித்த வாரத்திலேயே காய்ச்சலில் படுத்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. மீதித் தாளைத்தான் ருக்மணி எழுதினாள். இரண்டையும் ஒரே அட்டவணையாக ஒட்டினால் எப்படியிருக்கும் என்று அவள் யோசித்திருக்கவில்லை.

"என்ன செய்யலாம் பாய்?"

"ரெண்டு வழி. புள்ளிக்கும் ஒரு எண்ணுக்கும் சேர்த்து வெத்துக் கட்டை வைக்கலாம். பத்தி நேரா நிக்கும், ஆனா பல்லு போன வாய் மாதிரி அங்கங்கே இடைவெளி. இல்லேன்னா புள்ளி போட்டு ஒரு சைபர் சேர்த்துடறேன். முப்பதுக்கு முப்பது புள்ளி சைபர். அழகா இருக்கும். நீ 'ம்'னு ஒரு வார்த்தை சொல்லு, ஒரு நிமிஷ வேலை."

ருக்மணி 'ம்' சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் அந்த சைபர் அவளுக்கு உறைத்தது.

முப்பது என்று மொட்டையாக எழுதினால், ஏறக்குறைய முப்பது என்று பொருள். இருபத்தொன்பதரையிலிருந்து முப்பதரை வரை எதுவும் அதற்குள் அடங்கும். 30.0 என்று எழுதினால், பத்தில் ஒரு பங்குவரை பார்த்துவிட்டோம், அங்கே ஒன்றுமில்லை என்று சொல்வதாகும். தேவதாஸ் அங்கே பார்க்கவேயில்லை. பார்க்காத இடத்தில் வைக்கும் சைபர் அழகுக்கு வைத்ததாக இருந்தாலும் பொய்ச்சாட்சி சொல்லிவிடும்.

"கொஞ்சம் இருங்க பாய்."

மூலையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். புக்கிட் செராய்: ஆள்கள் 269, சாவு எட்டு. எட்டாயிரத்தை 269ஆல் வகுத்தாள். இருபத்தொன்பது தடவை போய் மீதி 199. சைபர் சேர்த்து வகுத்தால் ஏழு. அடுத்தது மூன்று. ஐந்துக்குக் குறைவு, ஏழு ஏழாகவே நிற்கும். 29.7.

ஏழாவது இடத்தில் இருந்தது பாரிட் லெம்பா என்ற கம்போங். அவள் தாளில் இருந்தது அது. 637 பேர், 19 சாவு. மறுபடியும் வகுத்துப் பார்த்தாள். 29.83. ஒரு தசமத்தில் 29.8.

ஆக, தேவதாஸின் தாளில் 29.7 முப்பதாக ஏறியிருந்தது. அவள் தாளில் 29.8 அப்படியே நின்றது. இரண்டு பேரும் தப்பாக வகுக்கவில்லை. ஒருவர் முழு எண்ணோடு நிறுத்தினார், ஒருத்தி ஒரு தசமத்தோடு நிறுத்தினாள். தனித்தனித் தாளில் இரண்டும் சரிதான். ஒரே பத்தியில் நின்றதும் குறைந்தது மேலே போய், கூடியது கீழே வந்துவிட்டது.

எல்லாவற்றையும் முழு எண்ணாக்கினால் இரண்டும் முப்பதாகும். அப்படிச் செய்யலாமா என்று கேட்க, மத்தியானம் சுகாதார அலுவலகத்து டாக்டர் கலியாணசுந்தரத்திடம் ஓடினாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "போன அட்டவணை ஒரு தசமத்துல வந்திருக்கும்மா. இதுவும் அப்படித்தான் வரணும், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. அதோட, ரெண்டும் முப்பதுன்னா மருந்து யாருக்குன்னு கேப்பாங்க. ஆறு இடத்துக்குத்தான் இருக்கு."

"சார், புக்கிட் செராய்ல இன்னும் ஒரு உயிர் போயிருந்தா விகிதம் மூணு புள்ளி ஏழு ஏறும். பாரிட் லெம்பாவுல ஒண்ணு புள்ளி ஆறு. ஒரு உயிருக்கே இவ்வளவு ஆடற எண்ணுல இந்தப் பத்துல ஒரு பங்கை வச்சு மருந்து கொடுக்கறது..."

"தெரியும். உத்தரவு எழுதற அதிகாரம் எங்கிட்ட இருந்தா ஏழு இடம்னு எழுதுவேன். எங்கிட்ட இல்ல." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "வேணும்னா அடிக்குறிப்பா போடு. கையெழுத்துப் போடறேன்."

திரும்பி நடக்கையில் தெருவில் அவளுக்கு யாரும் எதிர்ப்படவில்லை. யோசனை கேட்க அவளுக்கு ஆளில்லை. புருஷன் சேதுராமனை ஜப்பானியர் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. கடுதாசி ஒன்றுகூட இல்லை. அவள் குடியிருந்த அறை, பல தலைமுறைக்கு முன் வந்து தமிழை மறந்துவிட்டவர்கள் வாழும் கம்போங் செட்டியில். அவள் 'பீபி' என்றழைக்கும் வீட்டுக்கார அம்மாள் நெற்றியில் விபூதி வைத்து மாரியம்மனைக் கும்பிடுவாள், ஆனால் பேச்செல்லாம் மலாய். மாதத்தில் ஒரு நாள் அஞ்சலை வந்தால்தான் அந்த அறைக்குள் தமிழ் கேட்கும். அஞ்சலை ஒருத்திதான் "அண்ணன்" என்று அவனைப் பற்றிப் பேசுவாள். போன தடவை வந்தபோது மகள் பொன்னம்மாவைத் தூக்கி வந்திருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்து வயிறு உப்பியிருந்தது. "ஆபீஸ்ல இருக்கீங்க அண்ணி, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அச்சகத்தில் பாய் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார்.

"சைபர் போட்டுடவா?"

"வேணாம் பாய். முதல் தாள் முழுக்க நான் திரும்பப் போட்டுத் தரேன். எல்லாத்துக்கும் ஒரு தசமம்."

"முழுக்கவா? ஒரு சைபருக்குப் பயந்து ஒரு பொழுதை ஓட்டப் போறியா நீ?"

அவள் பெஞ்சில் உட்கார்ந்து வகுத்தாள். தேவதாஸின் எண்ணைத் தொடாமல் ஒவ்வொரு இடத்துக்கும் ஆள்கணக்கிலிருந்தும் சாவுக்கணக்கிலிருந்தும் மறுபடி தொடங்கினாள். ஒருமுறை சுருக்கிய எண்ணை மறுமுறை சுருக்கக் கூடாது, 24.46ஐ 24.5 ஆக்கி, பிறகு அதையே சுருக்கினால், 24 ஆக வேண்டியது 25 ஆகிவிடும். ஒரு வரியில் 41.0 என்றே வந்தது. அது வகுத்துப் பார்த்து வந்த சைபர். அதைத் தயங்காமல் எழுதினாள். புக்கிட் செராய்க்கு வந்ததும் பென்சில் முனை ஒடிந்தது. பாய் தன் பேனாக் கத்தியை நீட்டினார். சீவிக்கொண்டு 29.7 என்று எழுதினாள்; தோட்டம் ஏழாவது இடத்துக்கு இறங்கியது.

பாய் எழுத்துகளை மாற்றிவிட்டுப் புரூஃப் எடுத்தார். புள்ளிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நூல் பிடித்ததுபோல் இறங்கின. அடியில் பொடி எழுத்தில், மக்கள் குறைந்த இடங்களில் ஒரே ஒரு சாவு விகிதத்தை வெகுவாக மாற்றும் என்ற குறிப்பு.

"இப்பத்தான் பத்தி மாதிரி இருக்கு" என்றார் பாய். அவள் முகத்தைப் பார்த்ததும் மைக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

அந்த மாதம் அஞ்சலை தனியாக வந்தாள். இடுப்பில் கீரைக்கட்டு. ருக்மணி மறைக்கவில்லை; தாளை எடுத்து எண்களைக் காட்டிச் சொன்னாள். அஞ்சலை எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் சொன்னது முழுக்கப் புரிந்தது.

"அப்ப, முன்னாடி எங்க பேருதான் இருந்துச்சா?"

"தப்பா இருந்துச்சு அஞ்சலை."

"சும்மா விட்டிருந்தா?"

"உங்களுக்குக் கிடைச்சிருக்கும்."

"அந்தக் கம்போங்காரங்க உங்களுக்கு யாரு அண்ணி?"

"யாருமில்ல."

"பொன்னம்மா?"

ருக்மணி தாளை மடித்தாள். அஞ்சலை கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, குனிந்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் ருக்மணி ஒரு கிழங்கு கூடுதலாக அவித்து வைத்து, சாயங்காலம் அதைத் தானே தின்றாள்.

அரையாண்டு முடிந்து புது விவரங்கள் வரத் தொடங்கின. புக்கிட் செராய்த் தாளைக் கொண்டுவந்தவர் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பொன்னுதுரை. ஆள்கள் 258, சாவு 11. தாளில் பெயர்கள் இல்லை. விகிதம் போடும் தாளில் பெயர் இருக்காது.

"அண்ணே, அங்க பொன்னம்மான்னு ஒரு புள்ள..."

"அஞ்சலை புள்ளையா? இருக்கு, இருக்கு. பொழைச்சுக்கிச்சு. ஓடிட்டுத் திரியுது."

ருக்மணி தாளை மேசையில் வைத்தாள். "அஞ்சலை எதாச்சும் சொல்லி அனுப்பிச்சாளா?"

பொன்னுதுரை தொப்பியைக் கையில் சுழற்றினார். "நான் டவுனுக்குப் போறேன்னு சொன்னேன்மா. அது ஒண்ணும் சொல்லல."

அவர் போனபின் வகுத்தாள். 42.64. தாளில் 42.6 என்று, மேல்வரிப் புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வைத்து எழுதினாள். இந்த முறை புக்கிட் செராய் இரண்டாவது இடம். மருந்து நிச்சயம் போகும்.

சாயங்காலம் அறைக்கு வந்து கிழங்கை அவிக்க வைத்தாள். தண்ணீர் கொதிக்கும்வரை வேறு வேலை இல்லை. அந்த அறையில் புருஷனைப் பற்றிய பேச்சைக் கேட்டு வெகுநாளாயிற்று என்று தோன்றியது. பெயரைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக, "சேதுராமன்" என்று சற்று உரக்கவே சொன்னாள்.

பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து வீட்டுக்கார அம்மாள் குரல் கொடுத்தாள். "சியாப்பா?" யார் அது, யாராவது வந்திருக்கிறார்களா என்று.

"தாடா ஓராங், பீபி" என்றாள் ருக்மணி. யாருமில்லை.